வலி மருந்து போட்டதும் அசந்து தூங்கும் குறட்டைக்காரர்: டாக்டர் ஏன் பயப்படுகிறார்?

கேள்வி: "அப்பாவுக்குத் தொடை எலும்பு ஆபரேஷன் முடிந்திருக்கிறது. குறட்டை ரொம்ப அதிகம், பீடியால் மூச்சிரைப்பும் உண்டு. டிரமடால் போட்டதும் நிம்மதியாகத் தூங்குகிறார். அதற்குப் போய் டாக்டர் ஏன் இவ்வளவு யோசிக்கிறார்?"

கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில், ஆபரேஷனுக்குப் பிந்தைய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். டாக்டருக்குப் பயமே அந்தத் தூக்கத்தைப் பார்த்துத்தான்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் எல்லாருக்கும் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சுப் பாதையே அடைத்துக்கொள்ளும். குறட்டை திடீரென்று நிற்கும், சில நொடிகள் சத்தமே இருக்காது, அப்புறம் திணறலோடு மறுபடி தொடங்கும். ஸ்லீப் ஆப்னியா என்பது இதுதான். அந்த அமைதியான நொடிகளில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, ஆக்சிஜன் இறங்குகிறது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டு அதை உணர்ந்து ஆளை அரைத்தூக்கத்துக்கு எழுப்பிவிடும், தொண்டை திறந்துகொள்ளும். காலையில் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. அந்த அரைவிழிப்புதான் இத்தனை வருடமாக அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

மார்ஃபின், ஃபெண்டனில், டிரமடால், இருமல் மருந்தில் வரும் கோடீன் எல்லாம் அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை. இவை தொண்டையை இன்னும் தளர்த்தும். கார்பன் டை ஆக்சைடு ஏறினாலும் மூளைத்தண்டு அதைப் பொருட்படுத்தாதபடி மந்தமாக்கும். அந்த அரைவிழிப்பும் சட்டென்று வராது. டிரமடால் மார்ஃபினைவிட மென்மையானதுதான். ஆனால் சிறுநீரகம் பழுதானவருக்கும், கூடவே தூக்க மாத்திரை போடுபவருக்கும் அந்த மென்மையை நம்ப முடியாது.

பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் வேலை பார்த்த ஒருவர் கால் முறிவு ஆபரேஷன் முடிந்து எங்கள் வார்டில் இருந்தார். கனமான உடம்பு, குட்டையான கழுத்து, பல வருடக் கல்தூசியும் பீடியும் சேர்ந்து நாள்பட்ட மூச்சிரைப்பு. ராத்திரி மார்ஃபின் ஊசி போட்டாயிற்று. தூக்கம் வரவில்லை என்று அவர் சொல்ல, வழக்கமாகத் தூக்கத்துக்குப் போடும் அல்பிராசோலம் மாத்திரை ஒன்றைக் கூட இருந்த வீட்டம்மா கொடுத்துவிட்டார். நள்ளிரவுக்கு மேல் குறட்டை அடங்கியது. "இப்பத்தான் நல்லா தூங்குறார் சிஸ்டர், எழுப்பாதீங்க" என்றார் அந்த அம்மா.

விரலில் மாட்டிய, ரத்த ஆக்சிஜனை அளக்கும் கருவி 96 சதவீதம் காட்டியது. அதை மட்டும் பார்த்திருந்தால் யாரும் அசைந்திருக்க மாட்டோம். மூக்கில் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த 96. கருவி கார்பன் டை ஆக்சைடை அளக்காது. நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணினால் ஆறு மூச்சு. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் முனகல் மட்டும். கருவிழியின் நடுப்புள்ளி ஊசிமுனை அளவு. ரத்தப் பரிசோதனையில் 35 முதல் 45 வரை இருக்கவேண்டிய கார்பன் டை ஆக்சைடு 82.

தலைப்பக்கத்தை உயர்த்தி, ஓபியாய்டை முறிக்கும் நலோக்ஸோனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். மூச்சு கூடியது. ஆனால் அந்த மருந்தின் வேலை ஒரு மணி நேரம் போல்தான்; மார்ஃபின் அதற்கப்புறமும் உடம்பில் இருக்கும். அல்பிராசோலத்தை அது தொடவே தொடாது. அதனால் முகமூடி வழியே மூச்சுக்குத் துணை செய்யும் பைபேப் கருவியையும் மாட்டி, விடியும்வரை ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்தோம். காலையில் அவர் டீ கேட்டார்.

நாள்பட்ட நுரையீரல் நோயில் சிலருக்கு கார்பன் டை ஆக்சைடு எப்போதுமே கொஞ்சம் தேங்கியிருக்கும். சாதாரண ஆளுக்கு மூச்சு சற்றுக் குறைந்தால் ஈடுகட்ட இடமிருக்கும், இவர்களுக்கு அந்த இடம் முன்பே தீர்ந்துபோனது. பீடியே தொடாமல் விறகடுப்புப் புகையில் காலம் தள்ளிய நம் ஊர்ப் பாட்டிகளும் இதில் சேர்த்தி. இந்தப் புகை விவரத்தை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. வலியில் ஆழமாக மூச்சு இழுக்காவிட்டால் சளி தேங்கும், அதுவும் ஆபத்து. பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்து, காலுக்கு மட்டும் மரத்துப்போகும் நரம்பு ஊசியும் போட்டால் ஓபியாய்டு வெகுவாகக் குறையும். இதை மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். வீட்டில், தூக்கத்தில் தொண்டை அடைக்காமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவி இருந்தால் கொண்டுவந்து பகல் தூக்கத்துக்கும் மாட்டுங்கள். தூக்க மாத்திரை, மது, கோடீன் கலந்த இருமல் மருந்து, டாக்டருக்குத் தெரியாமல் நரம்பு வலிக்கான பிரிகாபலின் எதுவும் கூடாது. மாதக்கணக்கில் ஓபியாய்டு எடுப்பவர் என்றால் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

ராத்திரி அவர் தூங்கும்போது ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். மூச்சு பத்துக்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் கண் திறந்து தெளிவாகப் பதில் சொல்லாவிட்டாலோ அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே 108.