தே ஓ குடித்தால் மட்டும் ஏன் புரையேறுகிறது? மிஸ்ஸியின் பதில்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்: விழுங்கும்போது குரல்வளை மூடி தானாக விழுந்து மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதானே, மிஸ்ஸி?

பாதி சரி, மாஸ்டர். தொண்டை முடிச்சில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். முடிச்சு மேலே ஏறி இறங்கும். குரல்வளை முழுவதுமே மேலும் முன்னுமாக நகர்ந்து நாக்கின் அடியில் போய் ஒதுங்குகிறது. அந்த இழுப்பிலும், பின்னால் தள்ளும் நாக்கின் அழுத்தத்திலும்தான் இலை போன்ற அந்த மூடி சாய்கிறது, தானாக விழுவதில்லை. அதற்குக் கீழே குரல் நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன, மூச்சும் ஒரு கணம் நிற்கிறது. உண்மையான கதவு அந்த நாண்கள்தான். புற்றுநோய்க்காக மூடியை எடுத்தவர்களில் பலர் பழகிப் பழகி மறுபடி வாயால் சாப்பிடுகிறார்கள்.

ஒரு மகள்: அம்மாவுக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து குரல் காற்றாக வருகிறது. கஞ்சி இறங்குகிறது, தே ஓ குடித்தால் இருமல். மூடி கெட்டுவிட்டதா, அக்கா?

மூடியை விட நாண் மேல்தான் எனக்குச் சந்தேகம், தங்கச்சி. நாணை அசைக்கும் நரம்பு தைராய்டுக்குப் பின்னால் ஒட்டியே போகிறது. அது பாதிக்கப்பட்டால் ஒரு பக்க நாண் அசையாமல் நிற்கும், நடுவில் இடைவெளி விழும். பேசும்போது அதன் வழியாகக் காற்று கசிவதால்தான் குரல் அப்படி வருகிறது. கஞ்சி கட்டியாக மெதுவாக இறங்கும். தே ஓ கதவு சேருவதற்குள் ஓடிவிடும். பலமாக இருமவும் நாண்கள் இறுகச் சேர வேண்டும் என்பதால் அம்மாவின் இருமலும் பலவீனமாகவே இருக்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி, மூக்கு வழியாகக் கேமரா விட்டு எந்த நாண் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தெரிந்தபின், பலவீனமான பக்கம் முகத்தைத் திருப்பிச் சிறு மடக்காக விழுங்கினால் பலருக்கு உதவுகிறது. நரம்பு மீளச் சில மாதங்கள் ஆகலாம். மீளும் என்று இப்போதே என்னால் சொல்ல முடியாது.

லோரி டிரைவர்: எனக்கு நேற்று மீன் முள் மாட்டியது. சோற்று உருண்டை விழுங்கலாமா?

அது வேறு கதை, தம்பி. உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்திவிடும். இன்னும் குத்தினால் இன்றே கிளினிக் போங்கள்.

இன்னொருவர்: பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. சாப்பிடும்போது இருமுவதே இல்லை. அப்படியென்றால் நல்லாத்தானே இருக்கிறார்?

அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. குரல்வளையில் உணர்ச்சி மங்கினால் தண்ணீர் நாண்களைத் தாண்டி இறங்கினாலும் இருமல் எழாது. குடித்தவுடன் "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் களகளவென்று நனைந்து கேட்டாலோ, அடிக்கடி காய்ச்சலும் சளியும் வந்தாலோ ஆஸ்பத்திரியில் விழுங்கும் சோதனை கேளுங்கள். குரல் தெளிவாக இருந்தாலும், பக்கவாதம் வந்தவருக்கு ஒரு முறையாவது அந்தச் சோதனை செய்துவிடுவதே என் அபிப்பிராயம்.