ஒரு நோட்டுப் புத்தகம் போதுமா?

கேள்வி: எங்கள் துறையின் மூத்தவர் ஓய்வு பெறுகிறார். என் முதல் கூட்டத்தில் ஒரு எண் மறந்துபோய் நான் திணறியபோது, அவர் சத்தமில்லாமல் தன் நோட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் ஜன்னலைப் பார்த்தார். இதை மட்டும் வைத்தே பிரிவு மடல் எழுத ஆசை. அவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு சின்ன விஷயமா என்று தயக்கமாகவும் இருக்கிறது. எழுதிப் பார்த்ததை இணைத்திருக்கிறேன். (பெயர் வேண்டாம்)

பதில்: இணைத்ததைப் படித்தேன். முதல் பத்தியில் அவர் கடின உழைப்பாளி, இரண்டாவதில் வழிகாட்டி, மூன்றாவதில் ஆலமரம். நான்காவதில் ஒரே ஒரு வரி: 'என் முதல் கூட்டத்தில் நீங்கள் செய்த உதவியை மறக்கவே முடியாது.' அந்த ஜன்னல் எங்கே போனது? முகம் தெரியாத எனக்கு எழுதிய கேள்வியில் இருக்கிறது, அவருக்கு எழுதிய மடலில் இல்லை.

முதல் மூன்று பத்திகளில் பெயரை மாற்றிப் பாருங்கள். அடுத்த வருடம் ஓய்வு பெறுபவருக்கும் அப்படியே பொருந்தும். நோட்டைத் திருப்பியது அவர் ஒருவர்தான். ஆகவே மூன்றையும் அடித்துவிட்டு, நான்காவது பத்தியின் அந்த ஒற்றை வரியைப் பிரித்து விரியுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு அந்த நாள் நினைவில் இல்லாமலே இருக்கலாம். உதவி செய்தவர் மறந்துவிடுவார், வாங்கியவர் மறப்பதில்லை. அதனால் எந்தக் கூட்டம், யார் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று முதல் வரியிலேயே அடையாளம் சொல்லிவிடுங்கள். 'நினைவிருக்கிறதா சார்?' என்று மட்டும் தொடங்காதீர்கள். இல்லை என்றால் அந்த மனிதர் என்ன செய்வார், பாவம்.

உங்கள் சரக்கை வைத்தே எழுதிக் காட்டுகிறேன்:

'சார், என் முதல் கூட்டம். மேஜையில் உங்களுக்கு நேர் எதிரே இருந்தேன். செலவுக் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தவனுக்கு ஒரு எண் மறந்துபோனது. நீங்கள் உங்கள் நோட்டை மெதுவாக என் பக்கம் திருப்பினீர்கள். எண்ணைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இப்போது புதிதாக வந்தவர் யாராவது திணறினால் நானும் நோட்டைத் திருப்பிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறேன். அடுத்த கூட்டத்தில் எதிர் நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். போய் வாருங்கள், சார்.'

செலவுக் கணக்கு, எதிர் நாற்காலி, பிறகும் பேசாதது, இப்போது நீங்கள் செய்வது எல்லாம் என் ஊகம். உண்மை எதுவோ அதைப் போடுங்கள். தெரியாததை அலங்காரத்துக்காகச் சேர்த்தால், அவருக்கு நினைவிருக்கும் பட்சத்தில் மடல் முழுவதுமே பொய்யாகிவிடும். 'இப்போது' என்று வரும் வரிதான் இதில் முக்கியம். அது இல்லாவிட்டால் பழைய சம்பவம் ஒன்றைச் சொன்னதாக மட்டும் முடிந்துவிடும். அது இருப்பதால், அவர் கிளம்பிய பிறகும் எது இங்கே தங்குகிறது என்று அவருக்குத் தெரிகிறது. அப்படி எதுவும் தங்கவில்லை என்றால் வேறு நினைவைத் தேடுங்கள்.

எழுதி முடித்ததும் கை அரிக்கும். 'இதுவே உங்கள் பெருந்தன்மைக்குச் சான்று' என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றும். சேர்த்தால், ஜன்னலைப் பார்த்தவரை இழுத்து மேடையில் நிறுத்தியதாகிவிடும். சத்தமில்லாமல் உதவியவருக்குச் சத்தமாக நன்றி சொல்வது பொருந்தாது. 'இன்னொரு முறை விடுப்பு கேட்டபோதும்...' என்று இரண்டாவது நினைவும் எட்டிப் பார்க்கும். இரண்டு வந்தாலே அது பட்டியல். பட்டியலைப் படிப்பவர் விட்டுப்போனது எது என்று தேடத் தொடங்குவார்.

இதை விழாவில் வாசிக்கலாமா என்றும் கேட்பீர்கள். வாசிக்கலாம், ஏனென்றால் இதில் திணறியவர் நீங்கள். திணறியவர் அவராகவும் நோட்டைத் திருப்பியவர் நீங்களாகவும் இருந்திருந்தால் வாசிக்கவே கூடாது, தனியாகக் கையில் கொடுப்பதும் சந்தேகம்தான். உங்கள் சாமர்த்தியம் வெளிச்சமாகும் நினைவு எவ்வளவு இனிமையானதாக இருந்தாலும் பிரிவு மடலுக்கு ஆகாது.

அவருடைய பணிக்காலம், பதவிகள், சாதனைகள் விட்டுப்போகுமே என்ற கவலை வேண்டாம். அதையெல்லாம் வாசிக்க உங்கள் மேலாளர் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருப்பார்.