5 வோல்ட் குடுத்ததும் 10 மைக்ரோஃபாரட் எங்க போகுது?

"5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் அவுட்புட்ல 10 மைக்ரோஃபாரட், 0603 சைஸ், 6.3 வோல்ட் X5R கெப்பாசிட்டர் ரெண்டு போட்டேன். ரிப்பிள் 7, 8 மில்லிவோல்ட்தான் வரணும், ஸ்கோப்ல 20க்கு மேல காட்டுது. கழட்டி எல்சிஆர் மீட்டர்ல வெச்சா வேல்யூ சரியா இருக்கு. டூப்ளிகேட்டா? X7R வாங்கினா சரியாகுமா?"

டூப்ளிகேட் மாதிரி தெரியல, மீட்டர் சொல்றதும் சரிதான், ஆனா அது டிசி எதுவும் குடுக்காம சின்ன ஏசி சிக்னல வெச்சு அளக்குது, உங்க போர்டுலயோ அது மேல எப்பவும் 5 வோல்ட் நிக்குது. அந்த நிலையில இந்த சைஸ் பார்ட் ஒவ்வொண்ணும் மூணு, நாலு மைக்ரோஃபாரட்தான் குடுக்கும்னா ஆச்சரியமே இல்ல.

உள்ள இருக்கிறது பேரியம் டைட்டனேட். அதோட கிறிஸ்டல்ல டைட்டேனியம் அயனி நடுவுலேர்ந்து கொஞ்சம் விலகி உக்காந்திருக்கும், அதனால உள்ள முழுக்க குட்டி குட்டி டைபோல், வோல்டேஜ் மாறும்போது அதுங்க புரள்றதாலதான் இத்துனூண்டு பார்ட்ல இவ்ளோ கெப்பாசிட்டன்ஸ் கிடைக்குது. டிசி குடுத்து வெச்சா பெரும்பாலானது ஒரே பக்கமா திரும்பி நின்னுடும், அப்புறம் ரிப்பிள் வந்தாலும் புரள மிச்சம் இருக்காது. 0603க்குள்ள 10 மைக்ரோஃபாரட்ட அடைக்கணும்னா லேயர் ஒரு மைக்ரான் அளவுக்கு மெலிசா போகணும், ஒரு மைக்ரான்ல 5 வோல்ட்னா மில்லிமீட்டருக்கு 5000 வோல்ட், அதான் சின்ன சைஸ்ல அடி பலமா விழுது.

உங்க கணக்கையே திரும்ப போடுவோம், காயில் கரண்ட் ஏத்த இறக்கம் 0.6 ஆம்பியர், 500 கிலோஹெர்ட்ஸ்னு வெச்சுக்கிட்டா:

```
ΔV = ΔI / (8 × f × C)
C = 20 µF → 7.5 mV
C = 7 µF → 21 mV
```

நீங்க பார்த்தது கிட்டத்தட்ட இதேதான்.

இப்ப X7R விஷயம். X-னா மைனஸ் 55 டிகிரிலேர்ந்து, 7-னா பிளஸ் 125 வரைக்கும், (5-னா 85), R-னா அந்த ரேஞ்சுல வேல்யூ பிளஸ் மைனஸ் 15 சதவீதத்துக்குள்ள இருக்கும். மூணு எழுத்தும் வெப்பநிலைய பத்திதான், வோல்டேஜ் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. அதனால அதே சைஸ்ல X7R வாங்கினாலும் இதே கதை வரலாம். C0G வேற மெட்டீரியல், வோல்டேஜுக்கு அசையாது, ஆனா 10 மைக்ரோஃபாரட் அதுல இந்த சைஸ்ல கிடைக்காது.

சந்தேகம் இருந்தா வீட்லயே பாக்கலாம். கெப்பாசிட்டர 5 வோல்ட்ல சார்ஜ் பண்ணி, சப்ளைய கழட்டிட்டு, 10 கிலோ ஓம் வழியா இறக்குங்க, 5லேர்ந்து 4.5 வோல்ட்டுக்கு இறங்குற நேரத்த ஸ்கோப்ல பாருங்க. நிஜமா 10 மைக்ரோஃபாரட்னா 10.5 மில்லிசெகண்ட் ஆகணும், மூணரைதான் இருக்குன்னா 3.7லயே முடிஞ்சுடும்.

நான் பண்ணா 1206 சைஸ்ல 10 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் இல்லன்னா 25 வோல்ட் பார்ட் எடுத்து, கம்பெனி சைட்ல அந்த பார்ட் நம்பரோட டிசி பயாஸ் கர்வ்ல 5 வோல்ட்டுக்கு நேரா என்ன மிஞ்சுதுன்னு பார்த்துட்டுதான் ஆர்டர் போடுவேன். சைஸ மாத்தாம ரேட்டிங்க மட்டும் ஏத்தினா பெருசா பலன் இருக்காது, அதே இடத்துல அதே 10 மைக்ரோஃபாரட்ட அடைக்க லேயர் மெலிசாத்தானே இருக்கணும்.