தூண்கள் காலையில், ஆட்கள் மாலையில்: வைரல் படங்கள் பற்றிச் சில கேள்வி-பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒரே படத்தைப் பற்றியவை. அதனால் அதற்கு நீளமாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கோணேசர் மலையடியில் கடல் உள்வாங்கிப் பழைய கோயில் தூண்கள் வெளியே வந்துவிட்டன என்று ஒரு படம் எங்கள் குடும்பக் குறூப்பில் வந்தது. அம்மா கும்பிட்டுவிட்டு எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அது உண்மையா? (வாசகி, உவர்மலை)

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்கள் கடலுக்குள் கிடப்பது உண்மைதான். 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அங்கே மூழ்கிப் பார்த்திருக்கிறார்கள். பொய்ப்படம் எப்போதும் இப்படி ஒரு மெய்யின் தோளில் ஏறித்தான் வரும்.

படம் டச்பே மணலில் நின்று, மலையைப் பார்த்து எடுத்தது. வலப்பக்கம் கடல், நடுவில் ஐந்து ஆட்கள், அவர்களுக்கு அப்பால் மூன்று தூண்கள். முதல் பார்வைக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நிழலைப் பார்க்கலாம் என்று படத்தை அச்சிட்டு, ஒரு பெரிய தாளின் நடுவில் ஒட்டி, அடிமட்டத்தையும் பென்சிலையும் எடுத்தேன்.

முறை இதுதான். வெயிலில் ஒருவரின் உச்சந்தலை, தரையில் அந்தத் தலையின் நிழல், சூரியன் ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். நேர்கோடு படத்திலும் நேர்கோடாகவே விழும். ஆகவே படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளின் நுனியையும் அதன் நிழலின் நுனியையும் இணைத்துக் கோட்டை நீட்டினால், எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சூரியன் படம் எடுப்பவருக்கு முன்னால் இருந்தால் அந்தப் புள்ளி சூரியன் இருக்கும் இடம். சூரியன் அவர் முதுகுப்பக்கம் இருந்தால் கோடுகள் கீழ்நோக்கிப் போய், அவருடைய தலையின் நிழல் விழ வேண்டிய இடத்தில் சந்திக்கும். பெரும்பாலும் புள்ளி படத்துக்கு வெளியே விழும். பெரிய தாள் அதற்காகத்தான்.

ஐந்து ஆட்களில் நான்கு பேரின் தலைநிழல் தெளிவாக இருந்தது. நான்கு கோடுகளும் படத்துக்கு வெளியே, வலப்பக்கக் கீழ் மூலையிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு ஐந்து ரூபாய்க் குற்றிக்குள் அடங்கிவிட்டன. பென்சில் தடிப்புக்கு அவ்வளவு பிழை வரும், அதை மன்னிக்கலாம். அதாவது சூரியன் எடுத்தவரின் முதுகுக்குப் பின்னால், இடப்பக்கம். டச்பேயில் மலையைப் பார்த்து நின்றால் அது மேற்கு. ஆக ஆட்கள் நிற்பது பிற்பகலில்.

பிறகு தூண்கள். அவற்றின் நிழல் நம்மை நோக்கி, சற்று இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. நிழலின் நுனியிலிருந்து தூணின் நுனிக்குக் கோடு போட்டு நீட்டினால், மூன்றும் மேலே வலப்பக்கம், கடலுக்கு மேல் போய்க் கூடின. அது கிழக்கு. தூண்கள் காலை வெயிலில் நிற்கின்றன, ஆட்கள் மாலை வெயிலில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் ஓரம் பொருளிலிருந்து தள்ளிப் போகப்போக மங்கும். ஒரு மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் கணக்கில். ஆட்களின் நிழல் காலடியில் கூர்மையாகவும் தலைப்பக்கம் மெத்தென்றும் இருந்தது. தூண்களின் நிழலோ அடியிலிருந்து நுனி வரை ஒரே மென்மை. ஆனால் இந்தச் சோதனைக்குப் படம் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும். பத்துக் கை மாறி வந்த படத்தில் இதை நம்பாதீர்கள்.

சரி, இது திருத்திய படமா, முழுக்க இயந்திரம் உருவாக்கியதா? ஆட்களின் கோடுகள் தங்களுக்குள் ஒத்துப்போயின. தூண்கள் மட்டும்தான் முரண்டு பிடித்தன. முழுதாக உருவாக்கிய படம் என்றால் ஆட்களுக்குள்ளேயே கோடுகள் சிதறியிருக்க வாய்ப்பு அதிகம். எனவே உண்மையான கடற்கரைப் படத்தில் தூண்களைச் செருகியிருக்கிறார்கள் என்று எண்ணி, ஆட்களை மட்டும் வெட்டி எடுத்துக் கூகுள் லென்ஸில் தேடினேன். மூலப்படம் கிடைத்தது. தூண்கள் நின்ற இடத்தில் கரைவலைத் தோணி ஒன்று. ஆட்கள் மீன் பார்க்க வந்தவர்கள்.

நிழலே இல்லாத மப்பு நாளில் எடுத்த படமாக இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அப்போது கடலைக் கேட்டிருப்பேன்: திருகோணமலையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. ஆள் உயரத் தூணின் அடி தெரிகிற அளவுக்கு இங்கே கடல் வழக்கமாக இறங்காது. இறங்கினால் கரையில் நின்று படம் எடுக்கக் கூடாது என்பதை 2004இல் படித்துவிட்டோம்.

நிலாவெளியில் நானே எடுத்த படம். எனக்கும் தம்பிக்கும் நிழல் வேறு வேறு பக்கம் சரிந்திருக்கிறது. நண்பர்கள் எடிட் என்கிறார்கள். (வாசகர், சாம்பல்தீவு)

நிழல்கள் சமாந்தரமாக இருக்க வேண்டும் என்று நண்பர்களுக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்டவாளம் தூரத்தில் கூடுவது போல, சமாந்தரமான நிழல்களும் படத்தில் கூடும் அல்லது விரியும். போனின் அகல லென்ஸில் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். நீங்கள் அனுப்பிய படத்தில் கோடு போட்டேன். இரண்டும் உங்கள் கால்களுக்குக் கீழே, எடுத்தவரின் தலைநிழல் இருக்கும் இடத்தில் சரியாகச் சந்திக்கின்றன. தவிர, தம்பியின் நிழல் மணல்மேட்டில் ஏறி மடிந்திருக்கிறது. கோயில் படிக்கட்டில் நிழல் முறிந்து விழுவதும் இப்படித்தான். அதனால்தான் நிழலின் திசையைக் கண்ணால் மதிப்பிடாமல் நுனியை நுனியோடு இணைக்கச் சொல்கிறேன்.

கண்ணை நம்பி ஏமாந்தவர்கள் நிறையப் பேர். கென்னடியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒஸ்வால்ட், வீட்டு முற்றத்தில் துவக்கோடு நிற்கும் 1963ஆம் ஆண்டுப் படம் ஒன்று உண்டு. மூக்கின் நிழலும் தரையில் விழுந்த நிழலும் ஒத்துவரவில்லை, ஆகவே போலி என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். படத் தடயவியலில் பெயர் பெற்ற ஹானி ஃபரீத் 2009இல் முகத்தையும் உடலையும் முப்பரிமாண மாதிரியாகக் கட்டிப் பார்த்தார். ஒரே சூரியன் அந்த இரண்டு நிழல்களையும் விழுத்தும் என்று தெரிந்தது.

கையில் ஆறு விரல் இருந்தால் ஏஐ படம்தானே? (வாசகி, தம்பலகாமம்)

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னர் அப்படிச் சொல்லியிருப்பேன். இப்போதைய கருவிகள் விரலை ஒழுங்காக எண்ணுகின்றன. ஐந்து விரல் என்பது இனி எதற்கும் சான்றல்ல. மறுபக்கம், உண்மையான படத்திலும் ஆறாவது விரல் வரும். பக்கத்தில் நிற்பவரின் விரல் இடுக்கில் எட்டிப்பார்க்கும். போன் பல படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்க்கும்போது அசைந்த கை இரட்டிக்கும். பிறவியிலேயே ஆறு விரல் உள்ளவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நான் இப்போது பார்ப்பது கை எதைப் பிடித்திருக்கிறது என்பதை. நீங்கள் அனுப்பிய பூசைப் படத்தில் அந்தப் பெண் அர்ச்சனைத் தட்டை ஏந்தியிருக்கிறார். பெருவிரல் தட்டின் மேல்விளிம்பில் இருந்தால் மற்ற விரல்கள் அடியில் பாரத்தைத் தாங்க வேண்டும். இங்கே நான்கு விரல்களும் விளிம்பைத் தொடாமல் பக்கத்தில் மடிந்திருக்கின்றன. தட்டு அந்தரத்தில் நிற்கிறது. வளையல் ஒன்று மணிக்கட்டைச் சுற்றிப் போய் மறுபக்கம் திரும்பி வரவேயில்லை. தேங்காய்ப் பாதியின் ஓடும் வெள்ளையும் ஓரிடத்தில் ஒன்றோடொன்று கரைந்துவிட்டன. இந்த மூன்றும் ஒரே கையைச் சுற்றி இருப்பதால் உருவாக்கிய படம் என்று துணிந்து சொல்கிறேன். ஒன்று மட்டும் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

வெள்ளத்தில் மூதூர் வீதியில் முதலை கிடக்கும் படம். ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு தெரிகிறது, ஒட்டியதுதானே? (வாசகர், கிண்ணியா)

அந்த வெள்ளைக் கோட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். போன் படத்தைத் தானாகக் கூர்மையாக்கும்போது, கறுப்புப் பொருள் வெளிச்சமான பின்னணியைச் சந்திக்கும் இடமெல்லாம் அப்படி ஒரு கோடு விழும். அதே படத்தில் மின்கம்பத்தின் ஓரத்தைப் பெருப்பித்துப் பாருங்கள், அங்கேயும் இருக்கிறது. முதலையின் ஓரத்தில் மட்டும் இருந்து கம்பத்தில் இல்லாவிட்டால்தான் சந்தேகம். போர்ட்ரேய்ட் முறையில் எடுத்த படங்கள் இன்னும் மோசம்: தலைமயிரும் காதும் பின்னணியோடு சேர்ந்து மங்கி, அசல் படமே வெட்டி ஒட்டியது போல இருக்கும்.

ஒட்டியவர் அதிகம் தவறுவது மேல் ஓரத்தில் அல்ல, அடியில். வயிறு தரையைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கரிய நிழல் இருக்க வேண்டும். மப்பு நாளிலும் அது இருக்கும். தண்ணீரில் கிடந்தால் தலைகீழாக அதன் சாயல் தெரிய வேண்டும். உங்கள் படத்தில் கம்பத்தின் சாயல் தண்ணீரில் விழுந்திருக்கிறது, முதலைக்கு இல்லை. ஒட்டியதுதான், காரணம் வேறு. எதற்கும் முதலில் அனுப்பியவரிடம் அதைப் படமாக அல்லாமல் டொக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் ஓரம் பார்ப்பது வீண்வேலை.

பின்னணியில் எதைப் பார்ப்பது? (வாசகி, உப்புவெளி)

எழுத்தையும் கோட்டையும். நம் ஊர் அரச பெயர்ப்பலகை என்றால் மேலே சிங்களம், அடுத்து தமிழ், அடுத்து ஆங்கிலம். உருவாக்கும் கருவிகள் ஆங்கிலத்தைச் சரியாக எழுதிவிட்டு மற்ற இரண்டிலும் இன்னும் தடுமாறுகின்றன. தமிழ் போலத் தெரியும், வாசித்தால் ஒரு சொல்லும் வராது. போன வாரம் கன்னியா வெந்நீரூற்று என்று ஒரு அழகான படம் வந்தது. கிணறுகளை எண்ணினேன், ஒன்பது. இருப்பது ஏழு.

கடற்கரைப் படம் என்றால் அடிவானம் நல்ல சாட்சி. ஆளின் தலைக்கு இடப்பக்கம் ஓர் உயரத்திலும் வலப்பக்கம் வேறு உயரத்திலும் கடல்கோடு இருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. அப்புறம், எடுத்தவர் நின்றபடி எடுத்திருந்தால் அடிவானம் அவருடைய கண்மட்டத்தில் இருக்கும். சமமான மணலில் நிற்கும் ஒத்த உயரமுள்ளவர்களை, பக்கத்தில் நின்றாலும் தூரத்தில் நின்றாலும், அந்தக் கோடு முகத்திலேயே வெட்டும். ஒருவரை மட்டும் இடுப்பில் வெட்டினால் அவர் இரட்டை ஆள் உயரமாக இருக்க வேண்டும், அல்லது எதன் மேலோ ஏறி நிற்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் அந்தக் கரைக்கு வந்ததே இல்லை.

ஒரு இணையத்தளத்தில் போட்டேன், 92 வீதம் ஏஐ என்றது. நம்பலாமா? (வாசகர், அன்புவழிபுரம்)

அதே படத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் திரும்பப் போடுங்கள். வரும் எண்ணை எனக்கும் அனுப்புங்கள்.