7 கேட்டால் 3 வருகிறதா? லேபிள் பெறும் கான் பற்றிய கேள்வி-பதில்

ஜெனரேட்டரிடம்தானே "7 வரைந்து கொடு" என்கிறோம்? லேபிளை டிஸ்கிரிமினேட்டருக்கும் ஏன் தர வேண்டும்?

கானில் இரண்டு நெட்வொர்க்குகள்: நாய்ஸ் என்ற தற்செயல் எண்களிலிருந்து கையெழுத்து எண்ணின் படத்தை வரைவது ஜெனரேட்டர், அது அசலா போலியா என்று மார்க் போடுவது டிஸ்கிரிமினேட்டர். ஜெனரேட்டர் தன்னைத் திருத்திக்கொள்வது அந்த மார்க்கைப் பார்த்து மட்டும்தான். லேபிள் தெரியாத டிஸ்கிரிமினேட்டர், 7 கேட்ட இடத்தில் அழகான 3 வந்தாலும் பாஸ் போட்டுவிடும். அப்புறம் ஜெனரேட்டர் லேபிளை எதற்கு மதிக்கப்போகிறது? அதற்கு அது இன்னொரு நாய்ஸ், அவ்வளவே. லேபிளை இரண்டுக்கும் தந்துவிட்டால், "இது அசலா?" என்ற கேள்வி "இது அசல் 7-தானா?" என்று மாறுகிறது. 2014-இல் மிர்ஸாவும் ஒசிண்டெரோவும் முன்வைத்த முறையின் சாரம் இதுதான்.

படம் 28×28, லேபிள் ஒற்றை எண். எப்படிச் சேர்ப்பது?

ஜெனரேட்டரில் சுலபம்: லேபிளின் எம்பெடிங்கை நாய்ஸ் வெக்டரின் வாலில் ஒட்டினால் போதும். டிஸ்கிரிமினேட்டரில் லேபிளைப் படத்தின் அளவுக்கு விரித்து, இன்னொரு சேனலாக அடுக்குங்கள்.

```python
# __init__
self.emb = nn.Embedding(10, 28*28)
# forward
m = self.emb(y).view(-1, 1, 28, 28)
x = torch.cat([img, m], dim=1)
```

முதல் கன்வல்யூஷனின் உள்ளீட்டு சேனல் இப்போது 2. இதை மாற்ற மறந்தால் எரர் வந்து காப்பாற்றிவிடும். அடுத்த கேள்வியில் உள்ள தவறுக்கு எரரே வராது.

எழுத்து தெளிவாக வருகிறது. ஆனால் எந்த லேபிள் கொடுத்தாலும் ஏதோ ஒரு எண். டிஸ்கிரிமினேட்டர் லாஸும் சரசரவென்று இறங்குகிறது.

அனுப்பிய கோடில் இருந்த வரி:

```python
fake = G(z, torch.randint(0, 10, (64,)))
out = D(fake, real_y)
```

ஜெனரேட்டருக்கு ஒரு லேபிள், டிஸ்கிரிமினேட்டருக்கு வேறு லேபிள். பத்து லேபிளில் ஒன்றை `randint` சம வாய்ப்போடு எடுப்பதால், இரண்டும் தற்செயலாக ஒத்துப்போவது பத்தில் ஒரு தடவைதான். ஜெனரேட்டர் எதை வரைந்தாலும் பெரும்பாலும் லேபிளோடு பொருந்தாது. படத்தைக் கூர்ந்து பார்க்காமல், பொருத்தமின்மையை வைத்தே டிஸ்கிரிமினேட்டர் போலியைப் பிடித்துவிடுகிறது. லாஸ் இறங்குவது அதனால்தான். நானும் இதே தவறில் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன். லேபிளை `fake_y` என்று ஒருமுறை எடுத்து, அதையே இரண்டுக்கும் தாருங்கள். ஜெனரேட்டரைப் பயிற்றும் படியிலும் அப்படியே.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லாஸை நம்பாதீர்கள். பத்து நாய்ஸ் வெக்டர்களை மாறாமல் வைத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை லேபிள் தந்து, 10×10 கட்டமாகப் படம் எடுங்கள். வரிசைக்கு ஒரு நாய்ஸ், பத்திக்கு ஒரு லேபிள். ஒரு பத்தி முழுக்க ஒரே எண், ஆனால் சாய்வும் தடிமனும் வெவ்வேறு என்றிருந்தால் நல்லது. பத்து 7-களும் அச்சு எடுத்தாற்போல் இருந்தால், லேபிள் வேலை செய்கிறது, நாய்ஸைத்தான் ஜெனரேட்டர் கைவிட்டுவிட்டது. அது மோட் கொலாப்ஸ். லேபிள் இணைப்பில் அதற்கு மருந்து தேடாதீர்கள்.