விழப்போகிற பல்லுக்கு எதற்கு ஸ்டீல் கேப்?

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை வயது. கீழ்ப்பக்கக் கடைசிக் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. இனிப்பு சாப்பிட்டால் வலிக்கிறது என்கிறாள், ராத்திரியில் அழுவதில்லை. ஒரு கிளினிக்கில் பல்ப்பாட்டமி செய்து ஸ்டீல் கேப் போட 6,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொரு இடத்தில் 500 ரூபாய்க்குப் பிடுங்கிவிடலாம் என்கிறார்கள். மாமியார், "விழுந்து முளைக்கிற பல்தானே" என்கிறார். எது சரி?

பதில்: விழும் என்பது உண்மைதான். ஆனால் எப்போது? முன்பற்கள்தான் ஆறு, ஏழு வயதில் விழும். நீங்கள் சொல்லும் பல் இரண்டாவது பால் கடைவாய்ப் பல். அது விழ 10 முதல் 12 வயது ஆகும். இன்னும் ஐந்தாறு வருடம் அவள் அதில்தான் மெல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம், பல்லுக்குப் பின்னால் ஈறுக்குள் இருக்கிறது. ஆறு வயது வாக்கில் அங்கே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அது முன்னால் இருக்கும் பால் பல்லின் பின்பக்கத்தில் சாய்ந்துகொண்டுதான் தன் இடத்துக்கு வரும். அந்தப் பால் பல்லை இப்போது பிடுங்கினால், முளைக்கிற பல் காலி இடத்துக்குள் முன்னோக்கி நகர்ந்துவிடும். பத்து, பதினோரு வயதில் அங்கே முளைக்க வேண்டிய சிறு கடைவாய்ப் பல்லுக்கு இடம் இருக்காது. கோணலாக முளைக்கும், அல்லது எலும்புக்குள்ளேயே நின்றுவிடும். அப்புறம் கிளிப் போடுகிற செலவு. இடம் மூடாமல் இருக்கக் கம்பி வளையம் வைக்கலாம். ஆனால் அது பக்கத்துப் பல்லில் மாட்டுவது. உங்கள் மகளுக்குப் பின்பக்கப் பல் இன்னும் முளைக்காததால் அதை வைப்பதும் எளிதல்ல. ஆக, 500 ரூபாய் அத்தோடு முடிகிற கணக்கு இல்லை.

ராத்திரியில் அழுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. சாப்பிடும்போது மட்டும் வந்து போகும் வலி என்றால், பல்லின் உள்ளே இருக்கும் நரம்புத் திசு மேல்பாகத்தில் மட்டும் கெட்டு, வேர்ப்பகுதி நலமாக இருக்க வாய்ப்பு அதிகம். பல்ப்பாட்டமி அப்படிப்பட்ட பல்லுக்குத்தான். மரப்பு ஊசி போட்டு, சொத்தையைச் சுரண்டி, மேல் அறையில் உள்ள திசுவை மட்டும் எடுப்பார்கள். பிறகு நனைத்த பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்துவார்கள். ரத்தம் நின்றால் வேர் நலம். அதன் மேல் எம்டிஏ போன்ற மருந்தை வைத்து மூடிவிடலாம். ஐந்து நிமிடம் அழுத்தியும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தால் கெடுதல் வேருக்குள் போய்விட்டது. அப்போது வேர் முழுவதும் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பல்லை எடுக்க வேண்டும். இது பல்லைத் திறந்த பிறகுதான் தெரியும். அதனால் பணம் கட்டும் முன்பே, "ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வீர்கள், அதற்கு எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். 6,000 ரூபாயில் எக்ஸ்ரேயும் கேப்பும் சேர்த்தியா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்ரே எடுக்காமல் பல்ப்பாட்டமி என்று சொல்கிறவரிடம் செய்துகொள்ளாதீர்கள். வேர்கள் பிரியும் இடத்தில் எலும்பு கரைந்து கறுப்பாகத் தெரிந்தாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் இருந்தாலோ, பல் ஆடினாலோ பல்ப்பாட்டமி பலிக்காது. அப்போது பிடுங்கச் சொல்கிறவர் சொல்வதில் நியாயம் உண்டு.

கேப் வேண்டாம், சிமெண்ட் அடைத்தால் போதும் என்று மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். உள்ளே குடைந்த பல்லின் சுவர் மெல்லியது. கடிக்கும்போது உடையும், அடைப்பின் ஓரத்தில் எச்சில் கசிந்து கிருமி இறங்கும். செய்த பல்ப்பாட்டமி வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்டீல் கேப் பல அளவுகளில் ரெடிமேடாக வருகிறது. அளவு எடுத்து லேபுக்கு அனுப்பும் வேலை கிடையாது. அன்றைக்கே பொருத்திப் பார்த்து, சிமெண்ட் வைத்து அழுத்திவிடுவார்கள். ஓரத்தில் ஈறு வெளுத்துத் தெரியும், கொஞ்ச நேரத்தில் சரியாகும். சில நாள் கடி உயரமாக இருப்பதாகக் குழந்தை சொல்வாள்; அதுவும் தானே படிந்துவிடும். வெள்ளை நிறத்தில் ஜிர்கோனியா கேப்பும் உண்டு. விலை கூடுதல், பல்லையும் அதிகம் செதுக்க வேண்டும். பின்னால் இருக்கிற பல்லுக்கு நான் ஸ்டீலையே சொல்வேன். நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

6,000 ரூபாய் சிரமம் என்றால் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைப் பல் பிரிவு இருக்கிறது. அங்கே செலவு மிகக் குறைவு, காத்திருப்பு மட்டும் கூடும். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி வலி தொடங்கிவிட்டால் பல்ப்பாட்டமிக்கான வாய்ப்பே கைவிட்டுப் போகலாம்.

கேப் போட்ட பிறகு ஒட்டுகிற மிட்டாய் வேண்டாம். கேப் கழன்றால் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள், பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வலியே இல்லாமல் உள்ளே கெட்டுப்போவதும் உண்டு என்பதால், பல் தேய்த்துவிடும்போது கேப்பை ஒட்டிய ஈறில் பரு மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.