வேகமாக முடிந்த ட்ரான்ஸ் டோசிலேட்டும் காணாமல் போன ஒளிச்சுழற்சியும்

கேள்வி: 2-அசிட்டாக்சிசைக்ளோஹெக்சைல் டோசிலேட்டின் சிஸ், ட்ரான்ஸ் மாற்றியங்கள் இரண்டையும் பொட்டாசியம் அசிட்டேட் கலந்த அசிட்டிக் அமிலத்தில் 100 பாகையில் சூடாக்கினேன். ட்ரான்ஸ் மிக விரைவில் முடிந்துவிட்டது. சிஸ் நகரவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாக இருந்தது. கடைசியில் இரண்டுமே ட்ரான்ஸ் டையசிட்டேட்டைத்தான் கொடுத்தன. SN2 என்றால் ட்ரான்ஸிலிருந்து சிஸ் அல்லவா வர வேண்டும்? போதாக்குறைக்கு, ஒளிச்சுழற்சி உள்ள ட்ரான்ஸ் டோசிலேட்டை எடுத்தபோது விளைபொருளின் சுழற்சி சுழியமாக இருந்தது. என் மாதிரி கெட்டுப்போயிருக்கிறதா?

பதில்: உங்கள் மாதிரியில் பழுது இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் கண்ட மூன்றும், அதாவது வேகமும், மாறாத ட்ரான்ஸ் அமைப்பும், மறைந்த சுழற்சியும், ஒரே காரணத்திலிருந்து வருபவை. பக்கத்துக் கார்பனில் இருக்கும் அசிட்டாக்சித் தொகுதி இந்த வினையை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. டோசிலேட்டை முதலில் வெளியேற்றும் கருக்கவர் பொருளே அதுதான். இதை அண்டைத் தொகுதிப் பங்கேற்பு என்கிறோம். இதே சேர்மத்தை வைத்து 1940களில் சால் வின்ஸ்டைனும் அவருடைய மாணவர்களும் செய்த ஆய்வுகள்தான் இந்தக் கருத்தை உறுதியாக நிலைநாட்டின. ட்ரான்ஸ் மாற்றியம் சிஸ்ஸைவிட ஏறத்தாழ 670 மடங்கு வேகமாக வினைபுரிகிறது என்பது அந்தச் சூழலில் கிடைத்த அளவு.

நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். டோசிலேட் உள்ள கார்பனை C1 என்றும், அசிட்டாக்சி உள்ள கார்பனை C2 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டரில் இரண்டு ஆக்சிஜன்கள் உள்ளன. C1-ஐப் பின்புறமிருந்து தாக்குவது வளையத்தோடு நேரடியாக இணைந்த ஆக்சிஜன் அன்று, கார்பனைல் ஆக்சிஜன். மாணவர்கள் அம்புக்குறி வரையும்போது அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். வளைய ஆக்சிஜன் தாக்கினால் இறுக்கம் மிகுந்த மூவணு வளையம் உருவாகும். கார்பனைல் ஆக்சிஜன் தாக்கினால் இறுக்கமற்ற ஐந்தணு வளையம் உருவாகும், அதன் நேர்மின்சுமையும் இரண்டு ஆக்சிஜன்களுக்கும் அவற்றின் நடுவே உள்ள கார்பனுக்கும் பகிரப்படும். இவ்வாறு உருவாகும் இடைநிலையே அசிட்டாக்சோனியம் அயனி. டோசிலேட் வெளியேறிய திசைக்கு எதிர்ப்புறமாக ஆக்சிஜன் வந்து இணைந்ததால், C1-இல் ஒருமுறை தலைகீழாக்கம் நடந்துவிட்டது. ட்ரான்ஸாக இருந்த இரண்டு ஆக்சிஜன்களும் இப்போது வளையத்தின் ஒரே பக்கத்தில், சிஸ் அமைப்பில் இருக்கின்றன. பிறகு வெளியிலிருந்து வரும் அசிட்டேட், இந்த அயனியின் வளையக் கார்பனை மீண்டும் பின்புறமாகத் தாக்குகிறது. இரண்டாவது தலைகீழாக்கம் முதலாவதை ஈடுசெய்துவிடுவதால் ட்ரான்ஸ் டையசிட்டேட் கிடைக்கிறது. ஆக, SN2-இன் விதி இங்கே மீறப்படவில்லை. அது இருமுறை பின்பற்றப்பட்டிருக்கிறது.

சுழற்சி மறைந்ததற்கான விடையும் அந்த இடைநிலை அயனியிலேயே இருக்கிறது. உங்கள் தொடக்கப் பொருள் (1R,2R) என்று கொள்வோம். முதல் படியில் C1 தலைகீழாவதால் அயனி (1S,2R) ஆகிறது. இதில் இரண்டு ஆக்சிஜன்களும் சமமானவை, இரண்டு வளையக் கார்பன்களும் ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமாக நிற்பவை. ஆகவே இது சமச்சீர்த் தளம் உள்ள, ஒளியைச் சுழற்றாத அயனி. வெளியிலிருந்து வரும் அசிட்டேட்டுக்கு C1, C2 என்ற வேறுபாடே தெரியாது. அது C1-ஐத் தாக்கினால் அந்தக் கார்பன் மீண்டும் R ஆகி, (1R,2R) டையசிட்டேட் வரும். C2-ஐத் தாக்கினால் அது S ஆகி, (1S,2S) டையசிட்டேட் வரும். இரண்டும் சரிபாதியாக நடப்பதால் சுழிமாய்க் கலவைதான் கிடைக்கும். ‘அமைப்பு மாறவில்லை’ என்று நூல்கள் சொல்லும்போது, இந்தச் சேர்மத்தைப் பொறுத்தவரை ட்ரான்ஸ் ட்ரான்ஸாகவே இருக்கிறது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். மூலக்கூறின் கைத்தன்மை காக்கப்பட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. சுழற்சி சுழியமாவது இந்த வழிமுறைக்கு எதிரான சான்றன்று. மிக வலுவான ஆதரவுச் சான்று.

சிஸ் மாற்றியத்துக்கு இந்த வழி ஏன் கிடைப்பதில்லை? பின்புறத் தாக்குதலுக்கு, தாக்கும் ஆக்சிஜனும் வெளியேறும் டோசிலேட்டும் C1-இன் எதிரெதிர்ப் பக்கங்களில், கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். ட்ரான்ஸ் மாற்றியம் பெரும்பாலான நேரம் இரண்டு தொகுதிகளும் நடுவரை நிலையில் உள்ள இருக்கை வடிவத்திலேயே இருக்கும் என்றாலும், இருக்கை வடிவங்கள் மிக விரைவாக ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறுவதால், இரண்டும் அச்சு நிலையில் எதிரெதிராக நிற்கும் வடிவத்தையும் அது எளிதில் எட்டிவிடும். வினை நடப்பது அந்த வடிவத்தில்தான். சிஸ் மாற்றியத்திலோ, எந்த இருக்கை வடிவத்தை எடுத்தாலும் ஒன்று அச்சிலும் மற்றொன்று நடுவரையிலும்தான் இருக்கும். எதிரெதிர் நிலை அதற்கு வாய்ப்பதே இல்லை. எனவே அது வெளியிலிருந்து வரும் கருக்கவர் பொருளையே நம்பியிருக்கிறது, ஒரே ஒரு தலைகீழாக்கத்தின் வழியாக ட்ரான்ஸ் டையசிட்டேட்டைத் தருகிறது. இதனால்தான் உங்கள் இரண்டு குடுவைகளும் ஒரே விளைபொருளைக் காட்டின. இரண்டு பாதைகளும் வெவ்வேறானவை என்பதைக் கண்ணால் காண வேண்டுமானால், ஒளிச்சுழற்சி உள்ள சிஸ் டோசிலேட்டை எடுத்துச் செய்து பாருங்கள். ட்ரான்ஸ் சுழிமாய்க் கலவையைத் தந்ததைப் போலன்றி, சிஸ்ஸிலிருந்து வரும் டையசிட்டேட் ஒளியைச் சுழற்றும்.

வேகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் பலரும் மிகைப்படுத்திவிடுகிறார்கள். ட்ரான்ஸ் மாற்றியம் வேகமானது என்பது சிஸ்ஸோடு ஒப்பிடும்போது மட்டுமே உண்மை. அசிட்டாக்சியே இல்லாத சாதாரண சைக்ளோஹெக்சைல் சல்ஃபோனேட்டோடு ஒப்பிட்டால், ட்ரான்ஸ் மாற்றியம் உண்மையில் சற்று மெதுவானது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வேகம்தான். காரணம், அசிட்டாக்சி எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் தொகுதி. பக்கத்துக் கார்பனில் நேர்மின்சுமை தோன்றுவதை அது கடுமையாகத் தடுக்கும். அந்தத் தடையை முழுதாகச் சுமப்பதால்தான் சிஸ் ஆயிரக்கணக்கான மடங்கு பின்தங்குகிறது. ட்ரான்ஸ் அதே தடையைச் சுமந்தபடியே, பங்கேற்பின் உதவியால் இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுக்கொள்கிறது. ஆகவே வேகம் என்று எழுதும்போது எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை அறிக்கையில் கட்டாயம் குறிப்பிடுங்கள். சிஸ், ட்ரான்ஸ் ஒப்பீடுதான் இங்கே நேர்மையானது என்பது என் கருத்து; இரண்டிலும் எலக்ட்ரான் இழுப்பு ஏறக்குறைய ஒன்றே, வேறுபடுவது வடிவம் மட்டுமே.

இதே ஒப்பீடு, உங்களுக்கு அடுத்து எழக்கூடிய ஐயத்தையும் தீர்க்கிறது. கார்பன் நேரயனி வழியாகச் சாதாரண SN1 வினை நடந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். அப்படி நடந்திருந்தால் சிஸ், ட்ரான்ஸ் இரண்டும் ஒரே திறந்த நேரயனியைத் தந்திருக்கும். அந்நிலையில் இவ்வளவு பெரிய வேக வேறுபாட்டுக்கு இடமில்லை, விளைபொருளும் சிஸ், ட்ரான்ஸ் கலவையாகவே இருந்திருக்கும். மறுபுறம், வெளி அசிட்டேட்டின் நேரடி SN2 தாக்குதலே ட்ரான்ஸின் வேகத்துக்குக் காரணம் என்று கருதினால், பொட்டாசியம் அசிட்டேட்டின் செறிவை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். வேகம் இரட்டிப்பாகாது, உப்புச் செறிவால் வரும் சிறிய மாற்றம் மட்டுமே தென்படும். வேகத்தைத் தீர்மானிக்கும் படி மூலக்கூறுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது. அசிட்டேட் வந்து சேருவது அதற்குப் பிறகுதான்.

இடைநிலை அயனி உண்மையிலேயே இருக்கிறது என்பதைக் காட்ட எனக்கு மிகவும் பிடித்த சோதனை, நீரைக் கொண்டு செய்வது. அசிட்டிக் அமிலத்தில் சிறிதளவு நீர் இருந்தால், நீர் வளையக் கார்பனைத் தாக்குவதற்கு முன்பாகவே, இரண்டு ஆக்சிஜன்களுக்கும் நடுவே உள்ள நேர்மின்சுமைக் கார்பனோடு சேர்ந்துவிடும். அப்போது வளையக் கார்பன்களில் இரண்டாவது தலைகீழாக்கம் நடக்காது. உருவான சேர்மம் திறந்துகொண்டு, சிஸ் டையாலின் மோனோ அசிட்டேட்டாக மாறும். நீருக்குப் பதிலாக எத்தனாலில் இதே வினையைச் செய்தால், அந்தக் கார்பனில் எத்தாக்சி சேர்ந்து ஆர்த்தோ எஸ்டராகவே அதைப் பிடிக்க முடியும். ஆனால் ஆர்த்தோ எஸ்டர்கள் அமிலத்தில் நிலைக்காதவை. வினையில் வெளிப்படும் டொலுயீன்சல்ஃபோனிக் அமிலத்தை ஈடுசெய்யப் போதிய பொட்டாசியம் அசிட்டேட் இல்லாவிட்டால், பிரித்தெடுக்கும்போது அது உங்கள் கையில் மிஞ்சாது.

நடைமுறையில் தவறு நேர்வதும் இந்த நீரால்தான். ட்ரான்ஸ் டோசிலேட்டிலிருந்து வந்த விளைபொருளில் சிஸ் சேர்மம் கலந்திருந்தால், உடனே வழிமுறையைச் சந்தேகிக்காமல் முதலில் கரைப்பானின் ஈரத்தைச் சந்தேகியுங்கள். பொட்டாசியம் அசிட்டேட் காற்றிலிருந்து ஈரத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும் உப்பு என்பதால் அதை நன்கு உலர்த்தியே பயன்படுத்த வேண்டும். அசிட்டிக் அமிலத்தோடு சிறிது அசிட்டிக் அன்ஹைட்ரைடு சேர்த்து, டோசிலேட்டைப் போடுவதற்கு முன்பே சூடாக்கி வைப்பது வழக்கமான வழி. அன்ஹைட்ரைடைப் பின்னர்ச் சேர்ப்பதால் பயனில்லை. அதற்குள் உருவாகிவிட்ட சிஸ் மோனோ அசிட்டேட், சிஸ் டையசிட்டேட்டாக மாறி நிலைமையை மேலும் குழப்பும். இரண்டு டையசிட்டேட்களையும் புரோட்டான் NMR நிறமாலையில் வேறுபடுத்தலாம். ஆக்சிஜன் இணைந்த கார்பனில் உள்ள புரோட்டான்கள் ட்ரான்ஸில் பெரும்பாலும் அச்சு நிலையில் இருப்பதால் அவற்றின் குறிகை அகன்று தெரியும். சிஸ்ஸில் அது குறுகலாகவும் சற்று உயர்ந்த பிபிஎம் மதிப்பிலும் வரும். சுழற்சி சுழியமானது வினையின்போதுதான், பிறகு அன்று என்பதை உறுதிப்படுத்த, ஒளிச்சுழற்சி உள்ள ட்ரான்ஸ் டையசிட்டேட்டைத் தனியே அதே நிலைமைகளில் அதே நேரம் சூடாக்கி, அதன் சுழற்சி மாறாமல் இருப்பதைக் காட்டிவிடுங்கள். அந்த ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாமல் உங்கள் முடிவை யாரும் கேள்வி கேட்கலாம்.

இந்த விளக்கத்தை எல்லா இடத்திலும் பொருத்திவிடவும் கூடாது. அண்டைத் தொகுதி வெல்வது வெளிக் கருக்கவர் பொருள் வலுக்குறைவாகவோ செறிவு குறைவாகவோ இருக்கும்போதுதான். (S)-2-புரோமோபுரப்பனோயிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில்வர் ஆக்சைடோடு நீர்த்த காரத்தில் அதன் கார்பாக்சிலேட் உள்ளிருந்து தாக்கி, ஆல்ஃபா லாக்டோன் வழியாக, அமைப்பு மாறாத லாக்டிக் அமிலத்தைத் தருகிறது. அதே சேர்மம் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடில் நேரடி SN2 வழியாகத் தலைகீழான லாக்டிக் அமிலத்தைத் தருகிறது. எனவே உங்கள் ட்ரான்ஸ் டோசிலேட்டை அசிட்டிக் அமிலத்திலிருந்து எடுத்து, அசைடு போன்ற வலுவான கருக்கவர் பொருள் செறிவாக உள்ள டைமெத்தில்ஃபார்மமைடு போன்ற கரைப்பானுக்கு மாற்றினால், ட்ரான்ஸ் விளைபொருளே வரும் என்று முன்கூட்டியே எழுதிவிடாதீர்கள். அங்கே சிஸ் விளைபொருளும், அதோடு நீக்கல் வினையின் பொருளும் வரக்கூடும் என்ற எதிர்பார்ப்போடு நிறமாலையைப் பாருங்கள்.